ஏழாம் அறையின் வாழ்த்து அட்டை

ஜனவரி இரண்டாம் தேதி, காலை எட்டு இருபது. ராஸ் அல் கைமாவின் தெற்கு ஓரத்தில் இருந்த அந்தப் பீங்கான் ஓடு தொழிற்சாலையின் நிர்வாகக் கட்டடத்தில், ஏழாம் எண் அறையின் இரும்பு பீரோ திறந்து கிடந்தது. உள்ளே நான்கு நீண்ட அட்டைப் பெட்டிகள் வரிசை குலையாமல் இருந்தன. நான்கும் காலி.

அந்தப் பெட்டிகளில் இருக்க வேண்டியவை தெர்மோகப்பிள்கள். சூளைக்குள் எவ்வளவு வெப்பம் என்று சொல்லும் கருவி அது. பீங்கான் குழலுக்குள் மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பி இருப்பதால், அதைப் பற்றித் தெரிந்தவர்கள் அதைப் பூட்டிய அறையில்தான் வைப்பார்கள். அன்று காலை எட்டு மணிக்கு இரண்டாம் சூளையின் அளவுமானி தடுமாறத் தொடங்கியது. ஷிப்ட் பொறியாளர் தைமூர் அஸ்காரவிச் செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி, மாற்றுக் கருவி எடுக்க ஏழாம் அறைக்குள் போனார். காலிப் பெட்டிகளை அவர்தான் முதலில் கண்டார். கசாக்ஸ்தான்காரர், குரல் உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. ஒரு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆவணப் பிரிவுக்கு வந்து, உமாராணியிடம் ரஷ்ய மொழியில் விஷயத்தைச் சொன்னார்.

அந்த அலுவலகத்தில் ரஷ்ய மொழி அறிந்த ஒரே இந்தியர் உமாராணி. சென்னையில் ஆறு ஆண்டுகள் அம்மொழியைக் கற்பித்தவர். இலக்கணப் பிழையுள்ள சுற்றறிக்கை கண்ணில் பட்டால், தமக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் பென்சிலை எடுக்காமல் அவரால் கடந்துபோக முடியாது. அவர் எழுந்து ஏழாம் அறைக்குப் போனபோது வாசலில் ஏற்கெனவே நான்கு பேர் நின்றார்கள். செக்யூரிட்டி கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நிர்வாக அதிகாரி விஜயபாஸ்கர் சாவிப் பதிவேட்டை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

அறைக்கு உரியவர் சூளைத் தலைமைத் தொழில்நுட்பர் விக்டர் பாவ்லவிச். டிசம்பர் இருபத்தெட்டிலேயே விடுமுறையில் செல்யாபின்ஸ்க் போய்விட்டார். ஜனவரி ஒன்பதில்தான் வருவார். அன்றிலிருந்து, தைமூர் காலையில் வாங்கியதைத் தவிர, அறைச் சாவி பதிவேட்டின்படி ஒரே ஒரு முறைதான் வெளியே போயிருந்தது. டிசம்பர் முப்பது, மாலை நான்கு பத்து. திரும்பியது நான்கு பதினான்கு. வாங்கியவர்: கார்மேகம். காரணம்: புத்தாண்டு அட்டை வைக்க.

"நாலு நிமிஷம்," என்றார் விஜயபாஸ்கர். "நாலு பெட்டிக்கு நாலு நிமிஷம். கணக்கு சரியா வருது, இல்ல மேடம்?"

உமாராணி கதவருகே போய் நின்றார். அவர் பார்வை அறைக்குள் இருந்தது. மேசை நடுவில், நிமிர்த்தி வைக்கப்பட்ட நீல வாழ்த்து அட்டை. பீரோவின் இரு கதவுகளிலும் பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. இடது கைப்பிடியின் திருகில் நகக்கண் அளவுக்கு ஏதோ நீலமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெயின்ட் உரிந்த இடம் என்று நினைத்தார். அப்போது அவ்வளவுதான் நினைத்தார்.

அந்த அட்டையின் வாசகம் அவருடையது.

டிசம்பர் பதினைந்தாம் தேதி பொது மேலாளர் ராஜீவ் அவரை அழைத்து, தொழிற்சாலையில் ரஷ்ய மொழி பேசும் பன்னிரண்டு பேருக்கும் வாழ்த்து அட்டை தர வேண்டும் என்றார். விஜயபாஸ்கர் அதற்கு முன்பே ஒரு வாசகத்தைக் கைபேசியில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் முதலில், புத்தாண்டு பிறகு. மேலே சிவப்பு உடைத் தாத்தாவின் படம். உமாராணி அதைப் படித்துவிட்டு மடித்து மேசையிலேயே வைத்துவிட்டார். அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழு. புத்தாண்டுக்குப் பிறகு வருவது. மேலும் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் கசாக்கியரும் உஸ்பெக்கியரும், முஸ்லிம்கள். அவர்கள் எல்லோருக்கும் பொதுவான பண்டிகை புத்தாண்டு ஒன்றுதான். எனவே கிறிஸ்துமஸ் நீங்கியது. சிவப்புத் தாத்தாவுக்குப் பதில் பனிமூடிய தேவதாருவும், நீண்ட நீல அங்கியில் கைத்தடியோடு நிற்கும் பனித்தாத்தாவும் வந்தார்கள்.

"எல்லாம் ஒண்ணுதானே மேடம். அட்டையைத் தொறந்து யார் படிக்கப்போறா?" என்று விஜயபாஸ்கர் அப்போது சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார்.

வாசகத்தை எழுத உமாராணிக்கு மூன்று நாள் ஆனது. ஒரே அலுவலகத்தில் இருப்பவர்களானாலும் 'அன்பான' என்று தொடங்கினால் மேலாளர் கையெழுத்துக்கு நெருக்கம் கூடிவிடும். 'மதிப்புக்குரிய' என்பதே முறை. அதற்குப் பின் வெறும் பெயர் போதாது. பெயரோடு தந்தை பெயரும் சேர வேண்டும்: பாவெல் என்பவரின் மகன் ஆகையால் விக்டர் பாவ்லவிச். குடும்பப் பெயர் அங்கே வராது. நம் ஊரில் முதலெழுத்தாகச் சுருங்கிக் கிடக்கும் தந்தை அவர்களுடைய விளியில் முழுதாக நிற்கிறார் என்று அவர் எண்ணிக்கொண்டார். பன்னிரண்டு பேரின் தந்தை பெயர்களையும் பாஸ்போர்ட் நகல்களோடு ஒத்துப்பார்த்தார்.

பிறகு வாழ்த்துகள். முழு உள்ளத்தோடு வாழ்த்துகிறோம் என்ற வரிக்குப் பின், அவர்கள் வழக்கப்படி விருப்பங்கள் வரிசையாக வர வேண்டும். உறுதியான உடல்நலம் எப்போதும் முதலில். அடுத்து, இல்லத்தில் அமைதியும் வெம்மையும். மூன்றாவது, பணியில் புதிய வெற்றிகள். முடிவில் 'மதிப்புடன்', அதன் கீழே மேலாளர் கையெழுத்து, நிறுவன முத்திரை. இதில் ஒரு விருப்பத்தைக் கூட்டினால் அலங்காரம், குறைத்தால் கஞ்சத்தனம் என்பது உமாராணியின் கருத்து.

அட்டையை அச்சிட்டவர் நக்கீல் பகுதியில் அச்சுக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் முகம்மது சித்தீக். முதல் வரியில் இருந்த நீளமான சொல்லைக் காட்டி அது என்ன என்று அவர் கேட்டதற்கு, உமாராணி கடையின் முக்காலியில் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். டிசம்பர் முப்பத்தொன்று நள்ளிரவு வரை அவர்கள் வாழ்த்துவது, வந்துகொண்டிருக்கிற புத்தாண்டுக்கு. அதற்கென்றே 'ஸ் நஸ்துப்பாயுஷிம்' என்ற சொல் முன்னால் நிற்கும். பன்னிரண்டு மணி அடித்தபின் அந்தச் சொல் போய்விடும். 'ஸ் நோவிம் கோதம்' மட்டும்தான். ஆண்டு பிறந்தபிறகு அதை 'வந்துகொண்டிருக்கிற' என்று வாழ்த்துவது, பிள்ளை பிறந்தபின் சீமந்தத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டு போவதைப் போல.

"நம்ம வழக்கத்துல அப்படி ஒரு கணக்கு கிடையாதே தங்கச்சி," என்றார் சித்தீக். "பொங்கல் வாழ்த்து மாட்டுப்பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தாலும் பொங்கல் வாழ்த்துத்தான்."

டிசம்பர் முப்பதாம் தேதி மாலை பன்னிரண்டு அட்டைகளும் 'வந்துகொண்டிருக்கிற' ஆண்டுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டு பன்னிரண்டு அறைகளுக்குப் போயின. கொண்டுபோய் வைத்தவர் அலுவலக உதவியாளர் கார்மேகம்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு உமாராணிக்குத் தம் பிழை தெரிந்தது. பதினொரு பேர் அன்றே அட்டையைப் பார்ப்பார்கள். விக்டர் பாவ்லவிச் ஜனவரி ஒன்பதில் பார்ப்பார். அவருக்கு அந்த வாசகம் ஆறிப்போன சோறு. உடனே சித்தீக்கை அழைத்து, அதே படம், அதே பெயர், வாசகத்தில் மட்டும் 'வந்துகொண்டிருக்கிற' நீங்கிய ஒரே ஓர் அட்டை கேட்டார். முத்திரையிட்ட வெற்று அட்டைகளில் இரண்டு சித்தீக்கிடம் மிச்சம் இருந்தன. விஜயபாஸ்கரிடம், ஏழாம் அறைக்கு மாற்று அட்டை ஒன்று வரும், வாங்கித் தம் தட்டில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்க அவருக்கு ஆர்வமில்லை. சொல்ல இவருக்கும் இல்லை. அன்று மூன்றரைக்கே உமாராணி வீட்டுக்குப் போய்விட்டார். முதல் தேதி விடுமுறை.

இரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, திருட்டுக் கூச்சலுக்கு நடுவிலும், அவர் தம் தட்டைப் பார்த்தார். காலியாக இருந்தது.

"சித்தீக் பாய் கடையில இருந்து கவர் வந்ததா?"

"வரலையே மேடம். முப்பத்தொண்ணாந்தேதி நாலு மணிக்கே ஆபீஸைப் பூட்டிட்டு நான் கிளம்பிட்டேன். அதுவரைக்கும் யாரும் வரலை," என்றார் விஜயபாஸ்கர். பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "இந்த நேரத்துல அட்டையா முக்கியம்?" என்றார்.

அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

ஒன்பதே முக்கால். கார்மேகத்தைத் தேநீர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது, ஒன்பது ஆண்டுகளாக அதே கட்டடத்தைத் துடைத்து வந்தவர். தொழிலாளர் தங்கும் கேம்ப்பில் அவருடைய கட்டிலையும் பெட்டியையும் புரட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. இல்லாததும் அவருக்கு எதிராகவே எழுதப்பட்டது: வேறு கைக்கு மாற்றிவிட்டான். நடைவழிக் கேமரா நவம்பர் முதல் பழுது. அதைச் சரிசெய்யக் கோரி உமாராணியே மூன்று கடிதங்களைக் கோப்பில் ஏற்றியிருந்தார்.

உமாராணி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். விஜயபாஸ்கர் கதவோரம் நின்றார்.

"அறைக்குள்ள போய் என்ன செஞ்சீங்க?"

"அட்டைய வச்சேன். ஜன்னல் கட்டையத் தொடச்சேன். வந்துட்டேன்."

"அட்டைய எங்க வச்சீங்க?"

"பீரோவுலங்க."

"மேசையில இல்லையா?"

"மேசையில வச்சா ஏசிக் காத்துக்குக் கீழ விழுந்துரும்ங்க. ரஷ்யாக்கார சார் வந்ததும் மொத வேலையா அந்தப் பீரோவத்தேன் தொறப்பாரு. கண்ணுல படட்டும்னு ரெண்டு கைப்பிடிக்கும் நடுவுல இறுக்கமாச் சொருகி வச்சேன்."

"மேசை மேலதான் இருக்குது, எல்லாரும் பாத்தாச்சு," என்றார் விஜயபாஸ்கர். "பொய்யாவது ஒழுங்காச் சொல்லுப்பா."

கார்மேகம் அவரைப் பார்க்கவில்லை. உமாராணியிடம் மட்டும், வேலையை விட்டு அனுப்பினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், திருடன் என்று அனுப்பினால் ஊரில் வீரம்மாள் எந்த முகத்தோடு கடைக்குப் போவாள், விஜி நர்சிங் இரண்டாவது வருஷம் படிக்கிறாள் என்று சொன்னார். கண் கலங்கவில்லை. கைகள் மட்டும் துடைக்கும் துணியை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தன.

"ஏதாவது பேப்பர் குடுத்தாங்கன்னா என்கிட்டக் காட்டாமக் கையெழுத்துப் போடாதீங்க," என்றார் உமாராணி.

கார்மேகம் துணியைப் பிரித்தார். "போட்டுட்டேனே மேடம். ஒம்பது மணிக்கே. விசா கேன்சல் பேப்பர் ஒண்ணு, இன்னொண்ணு இங்கிலீஷு, விசாரணைக்கு வந்தேன்னு எழுதியிருக்காம். போடலைன்னா போலீஸுக்குப் போயிரும்னாக."

உமாராணி விஜயபாஸ்கரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாற்பது. தம் மேசைக்குத் திரும்பிய உமாராணிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. சம்பவ அறிக்கையைக் கோப்பில் ஏற்றுவது மட்டுமே அவருடைய அலுவல். அறிக்கையோடு செக்யூரிட்டி எட்டு இருபத்தைந்துக்கு எடுத்த ஐந்து படங்கள் வந்திருந்தன. பெயரிட்டு எண்ணிட வேண்டும். நான்காவது படத்தில் மேசையும் அட்டையும் தெளிவாக விழுந்திருந்தன. அட்டை பாதி திறந்திருந்தது, உள்வரிகள் தெரிந்தன.

தாம் எழுதியதைத் தாமே மறுபடி படிப்பது அவருடைய வழக்கம். பழக்கதோஷத்தில் படத்தைப் பெரிதாக்கிப் படித்தார். 'மதிப்புக்குரிய விக்டர் பாவ்லவிச்.' சரி. அடுத்த வரியில் கண் நின்றது.

படத்தைச் சிறிதாக்கி, பெரிதாக்கி, மறுபடி படித்தார். பிறகு எழுந்து தைமூர் அஸ்காரவிச்சின் அறைக்குப் போய், அவருக்கு வந்த அட்டையைக் கேட்டு வாங்கினார். அதில் ஆண்டு வந்துகொண்டிருந்தது. இரண்டாம் அறை, ஐந்தாம் அறை, ஆய்வகம்: எல்லா அட்டையிலும் வந்துகொண்டிருந்தது. ஏழாம் அறையில் மட்டும் ஆண்டு பிறந்துவிட்டிருந்தது.

அடுத்து அவர் சித்தீக்கைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பாய், அந்த ஒத்தை அட்டையை எப்ப குடுத்தீங்க?"

"முப்பத்தொண்ணு அஸர் தொழுதுட்டு நானே வண்டியில கொண்டாந்தேன். கேட்டுல உள்ள விடமாட்டேன்னுட்டான், வாட்ச்மேன். போன் போட்டேன், உங்க ஆபீசர் இறங்கி வந்து வாங்கிக்கிட்டாரு. ஏன், அட்டையில பிழையா?"

"பிழை இல்ல. யார் வாங்கினது?"

"கோயமுத்தூர்க்காரரு, கண்ணாடி போட்டவரு. டெலிவரி புக்குல கையெழுத்து வாங்காம நான் யாருக்கும் குடுக்கறதில்ல தங்கச்சி. மணியும் போட்டிருக்கேன். நாலு அம்பது."

"அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க."

"கவர் மேல என்ன எழுதினேன்னும் வேணுமா? ரூம் செவன்னு இங்கிலீஷ்ல எழுதினேன். ரஷ்யாப் பேரு எங்க ஆளுங்களுக்கு வாசிக்க வராதுல்ல."

பன்னிரண்டு மணிக்கு அவர் மறுபடியும் ஏழாம் அறைக்குப் போனார். தைமூர் அஸ்காரவிச் சாட்சியாக நின்றார். இடது கைப்பிடியின் திருகில் ஒட்டியிருந்தது பெயின்ட் அல்ல. புருவம் திருத்தும் இடுக்கியால் அதை எடுத்து உறையில் போட்டார். நீல அட்டையின் துணுக்கு. ஒரு புறம் பனியின் வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இருந்தது. மேசை மேலிருந்த அட்டையின் நான்கு மூலைகளும் முழுமையாக இருந்தன.

பொது மேலாளர் ராஜீவ் துபாயில் ஒரு கூட்டத்தில் இருந்தார். மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். உமாராணி இரண்டு முறை அழைத்தார், எடுக்கவில்லை. அவசரம் என்று செய்தி அனுப்பினார். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. நிறுவனத்தின் அரசு அலுவல்களைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.வைத் தேடினார். அவர் ஒரு கட்டுக் காகிதங்களோடு வெளியே போயிருந்தார். என்ன காகிதங்கள் என்று வரவேற்பில் இருந்த ஹஃபீஸாவுக்குத் தெரியவில்லை. உமாராணிக்குத் தெரிந்தது.

மூன்று இருபது. மேலாளர் அறை. ராஜீவ், விஜயபாஸ்கர், தைமூர் அஸ்காரவிச், உமாராணி. கதவருகே கார்மேகம், அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

உமாராணி இரண்டு அட்டைகளை மேசையில் அருகருகே வைத்தார். ஒன்று தைமூருக்கு வந்தது. மற்றது ஏழாம் அறையிலிருந்து எடுத்தது.

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம் சார்?"

"பேரு," என்றார் ராஜீவ். அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"விஜயபாஸ்கர் சார், உங்களுக்கு?"

"அதேதான். பேரு. இதை எதுக்கு..."

"முப்பதாம் தேதி கார்மேகம் வச்ச பன்னிரண்டு அட்டையும் வரப்போகிற ஆண்டுக்கு வாழ்த்து. இது பிறந்துவிட்ட ஆண்டுக்கு வாழ்த்து. இதை நான் கேட்டதே முப்பத்தொண்ணாம் தேதி காலையில. அச்சாகி இந்தக் கட்டடத்துக்கு வந்தது அன்னைக்கு மாலை நாலு ஐம்பது."

தைமூர் இரண்டு அட்டைகளையும் படித்துவிட்டு, ஆமாம், யாராலும் இவற்றை மாற்றிப் படிக்க முடியாது, எங்களூரில் சிறு பிள்ளைக்கும் தெரியும் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

உமாராணி வகுப்பில் பேசும் குரலில் தொடர்ந்தார். முப்பதாம் தேதி கார்மேகம் வைத்த அட்டையும் இன்று காலை மேசையில் இருந்த அட்டையும் ஒன்றல்ல. ஆகவே முப்பத்தொன்று மாலைக்குப் பிறகு யாரோ ஏழாம் அறைக்குள் போயிருக்கிறார்கள். பதிவேட்டில் அப்படி ஒரு வரவு இல்லாததால், போனவர் செக்யூரிட்டி சாவியை வாங்கவில்லை. மாற்றுச் சாவிகள் நிர்வாக அலுவலகப் பெட்டியில் இருக்கின்றன. கார்மேகம் அன்று ஐந்து மணி கேம்ப் பஸ்ஸில் ஏறியதற்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. முதல் தேதி முழுக்கக் கேம்ப்பில் இருந்ததற்கு வாசல் பதிவு உண்டு. இன்று ஏழே முக்காலுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியவர் எட்டேகால் வரை கேன்டீனில் நாற்பது பேர் நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ஒருத்தன் அட்டையை மாத்தணும்?" என்றார் ராஜீவ்.

"கிழிந்துவிட்டதால." அவர் உறையிலிருந்த நீலத் துணுக்கைக் காட்டினார். "கார்மேகம் உண்மையைத்தான் சொன்னார். இரண்டு கைப்பிடிக்கும் நடுவுல இறுக்கமாச் சொருகி வச்சிருந்தார். அதைக் கவனிக்காமல் கதவை இழுத்ததும் அட்டை கிழிந்தது. கிழிந்த அட்டையை அப்படியே விட்டால், அட்டை வந்தபிறகுதான் பீரோ திறக்கப்பட்டதுன்னு தெரிஞ்சிடும். கார்மேகம் மேல பழி நிற்காது. எடுத்துக்கிட்டுப் போனால் அட்டை எங்கேன்னு கேள்வி வரும். முழு அட்டை ஒன்று வேணும். 'ரூம் செவன்' என்று எழுதின கவர் ஒன்று அன்னைக்கு மாலை ஒருத்தர் கையில இருந்தது. எனக்கு வரவே இல்லைன்னு அவர் இன்று காலையில சொன்ன கவர். நாலு மணிக்கே பூட்டிவிட்டுப் போனதாகச் சொன்னவர், நாலு ஐம்பதுக்குக் கேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கார்."

அவர் கைபேசியைத் திருப்பி வைத்தார். சித்தீக் அனுப்பிய பக்கத்தில் கையெழுத்து கோணல் இல்லாமல், முழுப் பெயராக இருந்தது. விஜயபாஸ்கருக்கு அழகான கையெழுத்து.

விஜயபாஸ்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டைகளை மாறி மாறிப் பார்த்தார். திருடியதைவிட வேறேதோ ஒன்று அவரைக் குழப்பியதுபோல் இருந்தது.

"ஸ்பேர் காப்பின்னு நெனைச்சேன்," என்றார் கடைசியில். "ஒரே மாதிரி இருந்துச்சு."

இரண்டு கருவிகள் அவர் காரின் டிக்கியில், துணி சுற்றி இருந்தன. மற்ற இரண்டும் ஷார்ஜாவுக்குப் போய்விட்டிருந்தன.

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். குற்றவாளியைப் பெயர் சொல்லியாயிற்று. தவறவிட்ட நுணுக்கத்தை விளக்கியாயிற்று. ஆனால் கார்மேகம் இன்னும் கதவருகே நின்றுகொண்டிருந்தார். ராஜீவ் பி.ஆர்.ஓ.வை அழைத்தார். கேட்டுக்கொண்டார். தொலைபேசியை வைத்தபின் மேசையைப் பார்த்தபடி பேசினார்.

கேன்சல் இரண்டு மணிக்கே முடிந்துவிட்டது. கார்மேகமே கையெழுத்துப் போட்டிருப்பதால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. புதிதாக விசா போட வேண்டும். அதற்குத் தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும். இந்த ஆண்டு உதவியாளர் பணியிடங்களை வெளி ஒப்பந்தத்துக்கு விட முடிவாகியிருக்கிறது. போலீஸுக்குப் போனால் நிறுவனத்தின் பெயர் அடிபடும்; ஆகவே விஜயபாஸ்கர் ராஜினாமா செய்வார்.

"ஊருக்குப் போய் இருக்கட்டும் உமா. எடம் வந்தா நானே கூப்பிடறேன்."

"அவர் திருடலைன்னு ஒரு கடிதம் தரணும் சார். அவர்கிட்ட கையெழுத்து வாங்கின அந்த இங்கிலீஷ் காகிதத்தையும் கோப்பிலிருந்து எடுக்கணும்."

"காகிதத்தைக் கிழிச்சிடலாம். கடிதம்..." ராஜீவ் யோசித்தார். "திருட்டே நடக்கலைன்னு ஆனப்புறம், திருடலைன்னு எப்படிக் கடிதம் குடுக்கறது?"

வாக்கியத்தில் பிழை இல்லை. உமாராணி எவ்வளவு தேடியும் பென்சில் வைக்க இடம் கிடைக்கவில்லை.

அன்று மாலை விக்டர் பாவ்லவிச் செல்யாபின்ஸ்கிலிருந்து அழைத்தார். தைமூர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். விசா விவரம் தமிழில் பேசப்பட்டதால் அதை மட்டும் தைமூரும் அறியவில்லை. கார்மேகத்துக்குத் தம் பெயரில் ஓர் அட்டை தர வேண்டும், முறையாக எழுத வேண்டும், அவருடைய தந்தையின் பெயர் என்ன என்று கேட்டார். உமாராணி கோப்பைப் பார்த்துச் சொன்னார். முத்திருளாண்டி. எதிர்முனையில் அந்தப் பெயரை மூன்று முறை எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பார்த்துவிட்டு, விக்டர் பாவ்லவிச் வாசகத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மதிப்புக்குரிய என்பதில் தொடங்கி மதிப்புடன் என்பதில் முடிந்தது. விருப்பங்கள் மூன்றும் உரிய வரிசையில் இருந்தன. விசா விஷயத்தைச் சொல்ல உமாராணி வாய் எடுத்தார். அதற்குள் அவர், ஒன்பதாம் தேதி வந்ததும் கார்மேகத்துக்கு நானே கைகொடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மிஞ்சிய ஒரே நீல அட்டையில் சித்தீக் அதை அச்சிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜனவரி நான்கு, காலை ஆறு பத்து. கேம்ப் வாசலில் விமான நிலைய வேன் நின்றது. கார்மேகம் பெட்டியை ஏற்றிவிட்டு, அட்டையைக் கையில் வாங்கி, பனித்தாத்தாவைப் பார்த்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"கம்பெனி சீலு போட்டிருக்கே மேடம். ஊர்ல கேட்டாக்க இதக் காட்டலாம்."

"காட்டுங்க."

"என்ன எழுதியிருக்காரு? வீரம்மா கேப்பா."

உமாராணி அட்டையைத் திறந்து, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னார். "மதிப்புக்குரிய முத்திருளாண்டி மகன் கார்மேகம் அவர்களே."

கார்மேகம் தம்மை அறியாமல் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பிறந்திருக்கிற புத்தாண்டுக்கு முழு உள்ளத்தோடு வாழ்த்துகிறேன். உங்களுக்கு உறுதியான உடல்நலம் வாய்க்கட்டும். உங்கள் இல்லத்தில் அமைதியும் வெம்மையும் நிலைக்கட்டும்."

விரல் அடுத்த வரிக்கு வந்தது. அங்கே பணியைப் பற்றிய மூன்றாவது விருப்பம் அச்சுப் பிசகாமல் இருந்தது. வேன் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார்.

"அவ்வளவுதானா மேடம்?"

இருபது ஆண்டுகளில் ஒரு சொல்லைக்கூட விட்டு மொழிபெயர்த்திராத உமாராணி அட்டையை மூடினார்.

"அவ்வளவுதான். மதிப்புடன், விக்டர் பாவ்லவிச்."